மெல்லிய சட்டைதான், ஆனாலும் ஏன் இந்தப் புழுக்கம்?

கேள்வி: ஆன்லைனில் 'காட்டன் பிளெண்ட்' என்று போட்டிருந்த சட்டை வாங்கினேன். மெல்லிசாகத்தான் இருக்கிறது. ஆனால் சென்னை வெயிலில் அரை மணி நேரம் போட்டாலே உடம்பெல்லாம் கசகசக்கிறது. அதைவிடத் தடிமனான பழைய காட்டன் சட்டையில் இந்தத் தொல்லை இல்லையே, ஏன்?

பதில்: முதலில் காலர் பக்கமோ ஓரத் தையலிலோ இருக்கும் லேபிளைப் பாருங்கள். 'பிளெண்ட்' என்ற பெயரில் 60 சதவீதத்துக்கு மேல் பாலியஸ்டர் இருக்கும் சட்டைகளும் விற்கின்றன. கசகசப்புக்குக் காரணம் அந்த இழைதான், தடிமன் இல்லை.

வியர்வை ஆவியானால்தான் உடம்பு குளிரும். கடலோரக் காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைய இருப்பதால் ஆவியாவது மெதுவாகத்தான் நடக்கும். அந்த நேரத்தில் தோலுக்கும் துணிக்கும் நடுவே தேங்கும் ஈரத்தை யார் வாங்கிக்கொள்வது? பருத்தி இழை வாங்கிக்கொள்ளும். 200 கிராம் எடையுள்ள பருத்திச் சட்டைக்குள் சாதாரண நாளிலேயே சுமார் 15 கிராம் நீர் இருக்கும், தொட்டால் ஈரம் தெரியாது. தோல் அருகே ஈரம் ஏற ஏற இன்னும் இழுக்கும். அதே எடையுள்ள பாலியஸ்டர் சட்டையில் 1 கிராம்கூட இருக்காது. அது ஒரு வகை பிளாஸ்டிக், இழைக்குள் நீர் புகாது. அதனால் வியர்வை தோலிலேயே நிற்கிறது, வழவழப்பான துணியும் அதில் ஒட்டிக்கொள்கிறது. ஒட்டியபின் உள்ளே காற்று போக வழியில்லை. லினன் பருத்தியைவிடக் கொஞ்சம் கூடவே ஈரம் வாங்கும். அதோடு விறைப்பாக, உடம்பை விட்டு விலகி நிற்பதால் காற்றும் நுழையும். எனக்குக் கோடைக்கு அதுதான் பிடிக்கும், கசங்குவதைப் பொறுத்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான்.

அதற்காகப் பாலியஸ்டரை ஒரேயடியாக ஒதுக்கவும் வேண்டாம். ஓடும்போது போடும் ஸ்போர்ட்ஸ் டி-ஷர்ட்டில் வியர்வை இழைகளின் இடுக்கு வழியாகப் பரவிச் சீக்கிரம் காய்ந்துவிடும். தொப்பலாக நனைந்த பருத்தியோ கனத்துப்போய் வெகு நேரம் காயாது. ஆனால் அந்த வசதி கிடைக்கக் காற்று வீச வேண்டும். நெரிசலான பஸ்ஸில் அது உதவாது.

லேபிள் இல்லாவிட்டால் உள் தையலை ஒட்டிய துணி ஓரத்திலிருந்து நாலைந்து நூலை உருவி, இடுக்கியில் பிடித்து, சிங்க் பக்கத்தில் வைத்துக் கொளுத்திப் பாருங்கள். பருத்தி காகிதம் எரிகிற வாசனையோடு எரிந்து, தொட்டால் உதிரும் சாம்பலாகும். பாலியஸ்டர் சுருங்கி உருகி, ஆறியதும் கெட்டியான மணியாக நிற்கும். கலப்பு நூலில் சாம்பலுக்குள் கடினமான துணுக்குகள் நெருடும். சில சட்டைகளைப் பருத்தித் துணியில் வெட்டி பாலியஸ்டர் நூலால் தைத்திருப்பார்கள். அதனால் தையல் நூலை எடுக்காமல், துணியின் ஓரத்திலிருந்தே உருவுங்கள்.