கோழி, ஆட்டுக்கறி: ஃப்ரிட்ஜில் எத்தனை நாள்?

"ஞாயிறு காலை வாங்கின கோழியும் ஆட்டுக்கறியும் ஃப்ரிட்ஜ்ல (ஃப்ரீசர்ல இல்ல) இருக்கு. இன்னைக்கு செவ்வாய் ராத்திரி. கோழி கொஞ்சம் வழவழன்னு இருக்கு. நாளைக்குச் சமைக்கலாமா?"

கோழியைக் கொட்டிவிடுங்கள். ஆட்டுக்கறியில் வாடையோ வழவழப்போ இல்லையென்றால் இன்றிரவே சமைத்துவிடுங்கள்.

4 டிகிரிக்குள் இருக்கும் ஃப்ரிட்ஜில் பச்சைக் கோழி 1 முதல் 2 நாள்தான் தாங்கும். ஆட்டுக்கறித் துண்டுகள் 3 முதல் 5 நாள் தாங்கும். ஆனால் நம் ஊரில் காலையில் வெட்டிய கறி கடையில் வெளியே தொங்கிவிட்டுத்தான் வீட்டுக்கு வருகிறது, அதனால் நான் இரண்டு நாளுக்கு மேல் வைப்பதில்லை. கொத்துக்கறிக்கும் ஈரலுக்கும் கோழியின் கணக்குதான்.

வழவழப்பு வந்தால் கிருமி பெருகிவிட்டது என்று அர்த்தம். மஞ்சள் போட்டுக் கழுவினால் வழவழப்பு போகும், கெட்டது போகாது. சில கிருமிகள் விடும் நச்சு கொதிக்க வைத்தாலும் அழியாது.

ஃப்ரிட்ஜ் போதுமான அளவு குளிராமல் இருந்திருக்கலாம். ஒரு டம்ளர் தண்ணீரில் தெர்மாமீட்டரை (காய்ச்சல் பார்ப்பது அல்ல) போட்டு நடுத்தட்டில் இரவு முழுக்க வையுங்கள். காலையில் 4-க்கு மேல் காட்டினால் குளிரைக் கூட்டுங்கள். இடையில் கரண்ட் 4 மணி நேரத்துக்கு மேல் போயிருந்தால் மேலே சொன்ன நாள் கணக்கு எதுவும் செல்லாது, ஆட்டுக்கறியையும் கொட்டிவிடுங்கள்.

ஒன்று மட்டும்: வாடை இல்லை என்பதற்காக மூன்றாம் நாள் கோழியை நம்பாதீர்கள். சால்மோனெல்லா பெருகினாலும் மூக்குக்குத் தெரியாது.