'கேம்' என்றவள் இப்போது 'கம்ட்' என்கிறாள்

"கல்முனையில் இருக்கிறோம். மகளுக்கு மூன்றரை வயது, வீட்டில் இங்கிலிஷும் பேசுவாள். 'வந்தார்' என்பதற்கு 'கேம்' என்று சரியாகச் சொன்னவள் இப்போது 'அப்பா கம்ட்', 'டூ ஃபுட்ஸ்' என்கிறாள். பின்னுக்குப் போகிறாளா?"

இல்லை தங்கச்சி, முன்னுக்குத்தான் போகிறாள். 'கேம்' அன்று அவள் கேட்டு அப்படியே மனதில் வைத்த தனிச் சொல். 'கம்' என்பதோடு அது சேர்ந்ததென்று தெரிந்திருக்க வேண்டியதில்லை. பிறகு 'ஜம்ப்ட்', 'குக்ட்' எல்லாம் கேட்டு, முடிந்த செயலுக்குக் கடைசியில் 'ட்' வரும் என்று தானே கண்டுபிடித்துவிட்டாள். 'கம்ட்' என்று வீட்டில் யாரும் சொல்லியிருக்க மாட்டீர்களே! இரண்டு பாதங்களை 'டூ ஃபீட்' என்னாமல் 'டூ ஃபுட்ஸ்' என்பதும் இப்படித்தான், ஒன்றுக்கு மேல் என்றால் கடைசியில் 'ஸ்' வரும் என்று பிடித்துக்கொண்டாள்.

1958இல் ஜீன் பெர்கோ என்ற மொழி ஆய்வாளர் இதைச் சோதித்தார். இல்லாத ஒரு பிராணியை வரைந்து 'வக்' என்று பெயர் வைத்தார். இரண்டைக் காட்டியதும் பெரும்பாலான பிள்ளைகள் 'வக்ஸ்' என்றார்கள். கேட்டேயிராத சொல், அதனால் மனப்பாடமாக இருக்க முடியாது.

இனிக் கொஞ்ச நாள் உன்னிப்பாகக் கேளுங்கள். 'கேம்', 'கம்ட்' இரண்டும் மாறி மாறி வரக்கூடும். பழைய சொல் அழியவில்லை. பேசும் அவசரத்தில் அது நினைவுக்கு வராதபோது விதி இடத்தை நிரப்புகிறது. அதனால் திருத்திச் சொல்லவைக்க வேண்டாம். "யெஸ், அப்பா கேம்!" என்று பதிலுக்குள் சரியான சொல்லைப் போடுங்கள். அடிக்கடி காதில் விழும் சொற்கள் முதலில் சீராகும், அரிதானவை பள்ளிக்கூட வயதிலும் இழுக்கும். பேசிவந்த சொற்களே மொத்தமாகக் குறைந்தால் மட்டும் டொக்டரிடம் காட்டுங்கள்.