ஏழாம் வரிசை எங்கே உடைகிறது

அன்புள்ள ஐயா,

வேதிவினைச் சமன்பாடுகளைப் பி.டி.எஃப். எனும் பின்னோக்கு வகையிடல் சூத்திரங்களால் தீர்த்து வருகிறேன். ஆறாம் வரிசைக்கு மேல் போக முடியாது என்று எல்லாப் புத்தகமும் ஒரே வரியில் முடித்துவிடுகிறது. வேகமாக மாறும் பகுதியை அது தாங்காது என்பதுதானே காரணம்? அடி நீளத்தைக் குறைத்தால் ஏழைப் பயன்படுத்தலாமா? மேட்லேப் மென்பொருளின் `ode15s` ஏன் ஐந்தோடு நின்றுவிடுகிறது?

எஸ்.

அன்புள்ள எஸ்,

உங்கள் கடிதம் வந்தபோது என் மாணவப் பருவத்து நோட்டு ஒன்றைத்தான் புரட்டிக்கொண்டிருந்தேன். அதில் இதே தவறு என் கையெழுத்தில் இருக்கிறது. அதனால் கொஞ்சம் கடுமையாகவே சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வேகமான பகுதி காரணமே இல்லை. மிக வேகமாக அடங்கும் கூறுகளை ஏழாம் வரிசையும் நன்றாகவே அடக்கும். அது உடைவது எதுவுமே மாறாத இடத்தில், `y' = 0` என்ற சமன்பாட்டில். ஒரு தாளில் எழுதிப் பார்த்திருந்தால் உங்களுக்கே தெரிந்திருக்கும்.

இப்போதைய மதிப்பிலிருந்து முந்தையதைக் கழிக்கும் செயலை `w` என்போம். அடி நீளத்தால் பெருக்கிய வகையிடல் என்பது `−log(1−w)`, அதாவது `w + w²/2 + w³/3 + …` என்ற முடிவில்லாத் தொடர். அதை `k` உறுப்புகளோடு வெட்டினால் கிடைப்பதுதான் `k`-ஆம் வரிசைச் சூத்திரம். `y' = 0` என்றால் வெட்டிய தொடர் பூச்சியமாக வேண்டும். `w = 0` நமக்கு வேண்டிய விடை, மாறிலி. மற்ற `k−1` மூலங்களும் நாம் கேட்காமலே கணக்கில் ஒட்டிக்கொள்பவை. அவை ஒவ்வொன்றும் அடிக்கு அடி `1/(1−w)` மடங்காகும். ஆகவே மூலம் 1 என்ற புள்ளியிலிருந்து ஓர் அலகுக்கு மேல் தள்ளி இருந்தால் தேயும், உள்ளே வந்தால் வளரும்.

மிக அருகில் வரும் மூலத்தின் தூரத்தைப் பாருங்கள். மூன்றாம் வரிசையில் 2.35, நான்கில் 1.78, ஐந்தில் 1.41, ஆறில் 1.16. ஏழில் 0.98.

ஏன் இப்படி நெருங்கி வருகிறது? அந்தத் தொடர் `|w| < 1` என்ற வட்டத்துக்குள்தான் ஒருங்கும். வெட்டும் இடம் தள்ளிப்போகப் போக, மூலங்கள் அந்த வட்டத்தின் விளிம்பை நோக்கி வந்து அதைச் சுற்றிலும் அடைத்துக்கொள்ளும். விளிம்பில் மூன்றில் ஒரு பங்கு, 1-ஐ மையமாகக் கொண்ட அந்தக் கூடாத வட்டத்துக்குள் கிடக்கிறது. `k` பெரிதானால் யாராவது அங்கே விழுந்தே ஆக வேண்டும். ஏழிலிருந்து ஒன்றுகூடத் தப்பாது என்பதை 1972-இல் கிரையர் நிரூபித்தார். 1983-இல் ஹைரரும் வானரும் சுருக்கமான நிரூபணம் தந்தார்கள்.

என் நோட்டில் இருப்பது ராபர்ட்சனின் மூன்று பொருள் வினை. வேக மாறிலிகள் 0.04, 10⁴, 3×10⁷. மூன்று செறிவுகளின் கூட்டுத்தொகை எப்போதும் 1. சம அடிகளில் ஏழாம் வரிசையை ஓட்டினேன். முதல் சில நூறு அடிகளில் ஆறு இலக்கமும் சுத்தமாக இருந்தன. பிறகு கெட்டது. அடியைப் பாதியாக்கினேன், இன்னும் சீக்கிரமான நேரத்திலேயே கெட்டது. இப்படி இரண்டு வாரம் போனது. "கூட்டுத்தொகையிலிருந்து ஒன்றைக் கழித்து அச்சடித்துப் பாரேன்" என்றார் என் ஆசிரியர். அந்தப் பத்தியில் குறி மாறி மாறி, நாலு அடிக்கு ஒரு சுற்று போல ஓர் அலை, அடிக்கு 2.2 சதவீதம் வளர்ந்துகொண்டிருந்தது. வேகமான வினைக்கு அதில் பங்கே இல்லை. கூட்டுத்தொகை மாறாது என்பதால் அது அப்படியே `y' = 0`-க்குத்தான் கட்டுப்படுகிறது. 1.0222 மடங்கு ஆயிரம் அடி போனால் 300 கோடி மடங்குக்கு மேல். பதினாறாம் தசம இடத்துச் சிறு பிழை ஏழாம் இடத்துக்கு ஏறிவிடும். அடியைக் குறைப்பது அடிகளின் எண்ணிக்கையைக் கூட்டுகிறது, வேறொன்றும் செய்வதில்லை. இதை மட்டும் தயவுசெய்து மனதில் ஏற்றிக்கொள்ளுங்கள்.

`ode15s` பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. எதிர் மெய்யச்சின் இருபுறமும் ஐந்தாம் வரிசை தாங்கும் கோணம் 51.84 பாகை, ஆறாம் வரிசைக்கு வெறும் 17.84. அலைந்துகொண்டே அடங்கும் கூறுகளுக்கு ஆறு ஆகாது. இந்தச் சுவர் பி.டி.எஃப். சூத்திரங்களுக்கு மட்டுமே உரியது. அதிக வரிசைதான் வேண்டுமென்றால் ராடாவ் வகை ரங்கே–குட்டா முறைகளில் ஒன்பதும் பதின்மூன்றும் இருக்கின்றன.

உங்கள் நிரலில் `k`-ஐ 7 ஆக்கி, சம அடியில் இரண்டாயிரம் அடி ஓட்டுங்கள். செறிவுகளைப் பார்க்க வேண்டாம், கூட்டுத்தொகையிலிருந்து 1-ஐக் கழித்த அந்த ஒரு பத்தியை எனக்கு அனுப்புங்கள்.