தம்பிக்கு 22 ஆகுறதுக்குள்ள விசா வரணுமா?

கேள்வி: கனடால இருக்குற அக்கா அம்மா அப்பாவ ஸ்பான்சர் பண்றா, அப்ளிகேஷன் போடச் சொல்லி இன்விடேஷனும் வந்துருச்சு. ஏற்காட்டுல இருக்குற தம்பிக்கு நாலு மாசத்துல 22 ஆகுது, ப்ராசஸிங்குக்கு வருஷக்கணக்கா ஆகும்ங்குறாங்க, அவன சேர்க்க முடியாதா?

சேர்க்கலாம்ங்க. விசா வர்ற நாள்ல இருக்குற வயச பாக்க மாட்டாங்க, அங்கயே நிரந்தரமா தங்குறதுக்கான முழு பிஆர் அப்ளிகேஷன் கனடா இமிக்ரேஷன்காரங்க கைக்கு போய் சேர்ற நாள்ல வயசு லாக் ஆயிரும், அன்னிக்கு 22 ஆகாம இருந்தா போதும், அப்புறம் 25 ஆனாலும் கணக்குல இருப்பான். ஆனா இன்விடேஷன் வந்த தேதி இதுக்கு உதவாது.

இங்க அம்மாபேட்டைல எங்க பக்கத்து வீட்டுல இதாங்க நடந்துச்சு. பையனுக்கு செப்டம்பர் 18ல 22, ஆகஸ்ட் 30ல போட்டாங்க, ஒரு ஃபாரத்துல அவங்கப்பா கையெழுத்து விட்டுப்போச்சு. முழுசா இல்லன்னு திருப்பி அனுப்பிட்டாங்க, சரி பண்ணி திரும்ப போடறதுக்குள்ள அக்டோபர் 3, பழைய தேதி செல்லாம போச்சு. அந்தம்மா அழுதது இன்னும் கண்ணுலயே நிக்குது. அதனால ஃபீஸு, கையெழுத்து, எல்லா ஃபாரமும் ஒண்ணுக்கு ரெண்டு தடவ பாத்துட்டு இப்பவே போட்டுருங்க, கடைசி வாரம் வரைக்கும் இழுக்காதீங்க.

பர்த் சர்டிபிகேட்ல ஒரு தேதி, ஸ்கூல் டிசில ஒரு தேதின்னு இருந்தா அதையும் மொதல்ல சரி பண்ணுங்க.

இன்னொண்ணு, லாக் ஆகுறது வயசு மட்டும்தான். அங்க போய் பிஆர் ஆகுறதுக்கு முன்னாடி தம்பிக்கு கல்யாணம் ஆனா டிபெண்டன்ட் இல்லன்னு எடுத்துருவாங்க.