காணிக்கை யாருக்குப் போய்ச் சேருகிறது? யாகம் முதல் சகாத் வரை கேள்வி பதில்

கல்லூரி மாணவி, மதுரை: ஐயா, எரித்துவிட்டால் யாருக்குமே பயன் இல்லையே. அந்தக் காலத்தில் நெய்யையும் தானியத்தையும் ஏன் நெருப்பில் போட்டார்கள்?

முழுசாக எரித்தது குறைவுதான் அம்மா. அடுத்த முறை ஏதாவது வீட்டில் ஹோமம் நடந்தால் கொஞ்சம் பக்கத்தில் உட்கார்ந்து காது கொடுத்துக் கேளுங்கள். "அக்னயே ஸ்வாஹா" என்று நெய்யை விட்டதும் "அக்னயே இதம், ந மம" என்று ஒரு வரி வரும். இது அக்னிக்கு, எனதல்ல என்று பொருள். அந்த வரியைச் சொல்ல வேண்டியவர் யாகத்தைச் செய்விக்கும் எஜமானர், அதாவது பொருளுக்குச் சொந்தக்காரர். இப்போது பெரும்பாலும் புரோகிதரே அவருக்காகச் சொல்லிவிடுகிறார். கரண்டியிலிருந்து நெய் விழுவது பாதி வேலை, அந்த வரியோடு உரிமை விடுபடுவது மீதிப் பாதி. மாவுப் பிண்டமான புரோடாசத்திலும் கொஞ்சம்தான் நெருப்புக்குப் போகும், மிச்சத்தை இடை என்று பங்கு பிரித்து யாகம் நடத்தும் ரித்விக்குகளும் எஜமானரும் உண்பார்கள், அப்புறம் தட்சிணை.

கிரேக்கர்களும் தொடை எலும்பைக் கொழுப்பில் சுற்றித் தெய்வத்துக்கு எரித்துவிட்டு இறைச்சியை ஊரோடு சாப்பிட்டார்கள். எருசலேம் ஆலயத்தில் சர்வாங்க தகனபலி என்று முழு விலங்கையும் எரித்த பலியிலும் தோல் ஆசாரியனுக்குப் போனது. அதனால் எந்த மதத்துக் காணிக்கையைப் பார்த்தாலும் நான் முதலில் தேடுவது இரண்டு விஷயம்: எந்த நொடியில் அது கொடுத்தவருடையது இல்லை என்று ஆகிறது, மிச்சம் யார் கைக்குப் போகிறது.

ஓய்வுபெற்ற ஆசிரியர், கும்பகோணம்: வேத யாகத்தில் உயிர்ப்பலியே கிடையாது. ஆதியிலிருந்தே மாவினால் செய்த பசுதான். வெள்ளைக்காரர்கள்தான் மாற்றி எழுதினார்கள்.

பாதி சரி சார். மாவுப் பசு, அதாவது மாவில் பிடித்த பலி விலங்கு, உண்மையான வழக்கம், குறிப்பாக மத்வ மரபில் அதை அழுத்தமாகச் சொல்வார்கள். ஆனால் ஆதியிலிருந்தே என்று சொல்ல முடியாது. ஆட்டைக் கட்டும் யூபத் தூண் எந்த மரத்தில் இருக்க வேண்டும், எந்த உறுப்பை முதலில் எடுக்க வேண்டும் என்றெல்லாம் யாகத்தை விளக்கும் வேதப் பகுதிகளான பிராமண நூல்களும் சிரௌத சூத்திரங்களும் விரிவாகச் சொல்கின்றன. அதே சமயம் சதபத பிராமணத்தில் ஒரு கதை இருக்கிறது. பலிக்கு உரிய சாரம் முதலில் மனிதனிடம் இருந்ததாம், அங்கிருந்து குதிரைக்குப் போய், மாட்டுக்குப் போய், செம்மறிக்கும் வெள்ளாட்டுக்கும் போய், கடைசியில் மண்ணுக்குள் இறங்கிவிட்டதாம். தோண்டிப் பார்த்தால் நெல்லும் வாற்கோதுமையும் கிடைத்ததாம். அதாவது மாவுக்கு மாறலாம் என்ற எண்ணமும் பழையதுதான், வெட்டியதும் பழையதுதான்.

1975 ஏப்ரலில் கேரளத்தின் பாஞ்ஞாளில் நம்பூதிரிகள் 12 நாள் அக்னிசயனம் செய்தார்கள். பறவை வடிவத்தில் ஐந்து அடுக்காகச் செங்கல் மேடை கட்டி நடத்திய யாகம் அது. பதினான்கு ஆடு பலியாக வேண்டியிருந்தது. பத்திரிகைகளிலும் வெளியிலும் எதிர்ப்பு கிளம்பியதும் அரிசி மாவை வாழையிலையில் மடித்து ஆட்டுக்குப் பதில் வைத்தார்கள், மந்திரம் மாறவில்லை. கடைசி நாளில் யாகசாலைப் பந்தலுக்கே தீ வைத்தார்கள்.

சிவன் கோயில் பக்தர்: பலி என்று எழுதாதீர்கள், மனசு கஷ்டமாக இருக்கிறது. எங்கள் ஊர்க் கோயிலில் கொடிமரத்துக்குப் பக்கத்தில் பலிபீடம் இருக்கிறது, அங்கே எந்தக் காலத்திலும் ஆடு வெட்டியதில்லை.

வெட்டியதாக நான் சொல்லவே இல்லை ஐயா. உங்கள் பலிபீடத்தில் வைப்பது சோறு, அதுவும் பலிதான். வடமொழியில் பலி என்ற சொல்லுக்கு அரசனுக்குக் கட்டும் இறை என்றும் பொருள் உண்டு. தமிழில் அது இன்னும் அழகாக விரிந்திருக்கிறது. தேவாரத்தில் சிவன் கபாலத்தை ஏந்தி வீடு வீடாகப் போய் ஏற்பதும் பலிதான், அங்கே அந்தச் சொல்லுக்குப் பிச்சை என்று பொருள். தெய்வத்துக்குப் படைப்பதற்கும் பசித்தவனுக்கு இடுவதற்கும் ஒரே சொல். வெட்டுவது என்ற ஒரு பொருளை மட்டும் வைத்துக்கொண்டு மிச்சத்தை நாம்தான் மறந்துவிட்டோம்.

நெல்லைப் பக்கத்து வாசகி: எங்கள் சர்ச்சில் அறுப்பின் பண்டிகைக்கு ஒரு சேவல் கொடுத்தோம். ஏலத்தில் என் தம்பி அதையே எடுத்துவிட்டான், மத்தியானம் குழம்பு வைத்துச் சாப்பிட்டோம். காணிக்கை செல்லுமா? அத்தை முகம் கொடுத்துப் பேசவில்லை.

நல்ல கேள்வி தங்கச்சி, உங்கள் அத்தையும் சும்மா கோபப்படவில்லை. லேவியராகமம் 27ஆம் அதிகாரத்தில் இதற்குக் கிட்டத்தட்ட ஒரு விலைப் பட்டியலே இருக்கிறது. நேர்ந்துகொண்ட வீட்டையோ தசமபாகத் தானியத்தையோ கொடுத்தவரே திரும்ப மீட்க நினைத்தால், மதிப்போடு ஐந்தில் ஒரு பங்கு கூட்டிக் கட்ட வேண்டும். சேவல் சந்தையில் 600 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், அந்தக் கணக்கில் 720 ஆகும். ஆனால் பலிக்குத் தகுதியான விலங்கென்றால் மீட்பே கிடையாது. மாற்றி வேறொன்றைக் கொண்டுவந்தால் இரண்டுமே பரிசுத்தமாகிவிடும், இரண்டையும் விட்டுவிட்டு வர வேண்டியதுதான். நல்லதைக் கொடுத்துவிட்டு மறுநாள் மனசு மாறி நோஞ்சானைக் கொண்டுவந்து நிறுத்தும் ஆட்களைத் தடுக்கத்தான் இந்த விதி என்று எனக்குத் தோன்றுகிறது.

அதற்காக உங்கள் சேவலுக்கு அந்தச் சட்டம் அப்படியே பொருந்தும் என்று சொல்ல மாட்டேன். அது ஆலயம் இருந்த காலத்து முறை, கி.பி. 70இல் ரோமானியர் ஆலயத்தை இடித்ததோடு யூதர்களுக்கே பலி நின்றுபோனது. உங்கள் சபையில் சேவல் பலிக்கு வரவில்லை, பணமாக மாறுவதற்காக வந்தது. மாறிவிட்டதா என்பதைத்தான் பார்க்க வேண்டும். ஊரில் ஏலம் எப்படி நடக்கும் என்று உங்களுக்கே தெரியும், ஒரு தேங்காய் கடை விலையைப் போலப் பல மடங்குக்குப் போகும், எடுத்தவரே மறுபடி சபைக்குக் கொடுத்து இரண்டாம் முறை ஏலம் விடுவதும் உண்டு. தம்பி சந்தை விலைக்கு மேலே கேட்டு எடுத்திருந்தால் சபைக்கு ஒரு குறையும் இல்லை. சொந்தச் சேவல் என்று மற்றவர்கள் விட்டுக்கொடுத்து, அவன் 300க்கு எடுத்திருந்தால், மிச்ச 300ஐக் காணிக்கைப் பெட்டியில் போட்டுவிடுங்கள். அத்தையிடமும் சொல்லிவிடுங்கள்.

*அதே வாசகி:* 450க்கு எடுத்தான் அண்ணா. 150 போட்டுவிடுகிறேன். ஆனால் அத்தை காசைப் பற்றிப் பேசவே இல்லை, கொடுத்ததைத் தின்னக் கூடாது என்கிறார்.

அந்த இடத்தில் அத்தைக்குத் துணையாக இஸ்லாத்தில் ஒரு ஹதீஸ் இருக்கிறது. உமர் அவர்கள் தர்மமாகக் கொடுத்த குதிரை சந்தையில் மலிவாக விலைக்கு வந்தபோது வாங்கலாமா என்று கேட்க, உன் தர்மத்தைத் திரும்ப வாங்காதே என்று நபிகள் தடுத்துவிட்டார்கள். மலிவாகக் கிடைத்தாலும் கூடாது என்பதுதான் அங்கே முக்கியம்.

இல்லத்தரசி, காயல்பட்டினம்: சகாத் பற்றிச் சொல்லுங்கள். என்னிடம் 12 பவுன் நகை, வங்கியில் ஒன்றரை லட்சம், ஒரு வருஷத்துக்கு மேல் அப்படியே இருக்கிறது. ஈரோட்டில் கட்டிக்கொடுத்த என் தோழி நகைக்கும் சகாத் கொடுக்கிறாள், எங்கள் வீட்டில் வேண்டாம் என்கிறார்கள். யார் சொல்வது சரி?

இரண்டு வீடும் தத்தம் மத்ஹபு என்ற சட்டப் பிரிவின்படி சரிதான் சகோதரி. கடலோர ஊர்களில் பெரும்பாலும் ஷாஃபி, உள்நாட்டு ராவுத்தர் குடும்பங்களில் பெரும்பாலும் ஹனஃபி. ஹனஃபி முறையில் போட்டுக்கொள்ளும் நகைக்கும் சகாத் என்ற கட்டாய தர்மம் உண்டு. 12 பவுன் என்றால் 96 கிராம். நிஸாப் என்ற எல்லையை 85 கிராம் என்றும் 87.48 கிராம் என்றும் இரண்டு விதமாகச் சொல்வார்கள், 96 இரண்டையும் தாண்டிவிட்டது. நாற்பதில் ஒரு பங்கு 2.4 கிராம், அன்றைய தங்க விலைக்கு அதைப் பணமாக்கிக் கொடுக்கலாம். வங்கிப் பணத்துக்கு 3,750 ரூபாய். கல் பதித்த நகையென்றால் கல்லின் எடையைக் கழித்துவிட்டு நிறுக்க வேண்டும், பலரும் இங்கேதான் தவறுகிறார்கள். வருஷம் என்பதும் பிறை வருஷம், 354 நாள்தான்.

ஷாஃபி முறையில் வழக்கமான அளவுக்குள் உடுத்தும் நகைக்கு சகாத் இல்லை. ஆனால் உடுத்தாமல் சேமிப்பாக லாக்கரில் கிடந்தால் உண்டு. அதனால் 12 பவுனில் எது கழுத்தில், எது லாக்கரில் என்று முதலில் பிரித்துவிட்டு ஊர் ஆலிமிடம் போங்கள். பணத்துக்கு எல்லையை வெள்ளியில் பார்ப்பதா தங்கத்தில் பார்ப்பதா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு, அதையும் அவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.

வேறொருவர்: அப்படியானால் சகாத் பணத்தில் பள்ளிவாசல் சுவரைக் கட்டிவிடலாமே, எல்லாருக்கும் பயன்படும்.

பெரும்பாலான அறிஞர்கள் கூடாது என்கிறார்கள். குர்ஆன் 9:60 எட்டு வகையினரை எண்ணிச் சொல்கிறது, அதில் கட்டிடம் இல்லை. ஹனஃபி விளக்கம் இன்னும் நுணுக்கமானது: வாங்குபவர் அதற்கு உரிமையாளர் ஆக வேண்டும், சுவர் எதற்கும் உரிமையாளர் ஆகாது. ஏழைகளைப் பந்தியில் உட்காரவைத்துச் சோறு போட்டால்கூட சகாத் நிறைவேறாது, அதே சோற்றைப் பொட்டலமாகக் கையில் கொடுத்து, தின்னவோ எடுத்துப் போகவோ அவர் விருப்பத்துக்கு விட்டால் நிறைவேறும். குர்பானியிலும் இதே கண்டிப்பு உண்டு, தோலையோ கறியையோ அறுப்பவருக்குக் கூலியாகக் கொடுக்கக் கூடாது, கூலி தனிப் பணம். மேலே மாணவிக்குச் சொன்ன "ந மம" என்ற வரியைப் படித்த நாளிலிருந்து இந்தப் பொட்டலத்தைத்தான் அதற்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன். அங்கே எனதல்ல என்று வாயால் சொல்கிறார்கள், இங்கே எனதல்ல என்று ஆக்கிக் காட்ட வேண்டும்.

சென்னையில் வேலை செய்பவர், சொந்த ஊர் சிவகங்கை: அப்பா பிழைத்தால் கருப்பசாமிக்குக் கிடா வெட்டுவதாக அம்மா நேர்ந்துகொண்டார். அப்பா பிழைத்தார், போன வருஷம் அம்மா போய்விட்டார். எனக்கு வெட்ட மனம் வரவில்லை. அந்தப் பணத்தை ஒரு முதியோர் இல்லத்துக்குக் கொடுத்தால் நேர்த்திக்கடன் தீருமா?

தீரும் என்று நான் சொல்ல மாட்டேன் தம்பி, சொல்லும் உரிமை எனக்கு இல்லை. சட்டம் என்று பார்த்தால், பலியைத் தடுக்கும் 1950ஆம் வருஷத்துச் சட்டத்தை 2003இல் கடுமையாக அமல்படுத்தினார்கள், 2004இல் அதையே நீக்கிவிட்டார்கள். அதனால் இது உங்கள் வீட்டுக்குள் முடிவாக வேண்டிய விஷயம்.

ஒன்றை மட்டும் யோசித்துப் பாருங்கள். கிடா வெட்டினால் பூசாரிக்கு ஒரு பங்கு, பங்காளிகளுக்கு ஒரு பங்கு, பந்திக்கு வரும் ஊராருக்குச் சோறு. முதியோர் இல்லத்துக்கு மாற்றினால் உயிர் தப்பும், ஆனால் அம்மா மனசில் வைத்திருந்த அத்தனை பேரும் விட்டுப்போவார்கள். வெட்டாமல் உயிர்க்கிடாவாகக் கோயிலுக்கு விட்டுவிட்டு, அன்றைக்குப் பருப்புச் சோறு போட்டு ஊரைக் கூப்பிட்ட குடும்பங்களையும் பார்த்திருக்கிறேன். ஆனால் அந்தக் கிடா அடுத்த மாதம் ஏலத்துக்குப் போகலாம், அதையும் தெரிந்துகொண்டே விடுங்கள்.

*இடையில் ஒரு பெரியவர்:* சாமி கடனைக் காசாக மாற்றக் கூடாது. வாய்விட்டுச் சொன்னதைச் சொன்னபடி செய்யணும்.

*கேட்டவர்:* பங்காளிகளிடம் பேசினேன். இந்த வெள்ளிக்கிழமை பூக்கட்டிப் பார்க்கலாம் என்கிறார்கள். சிவப்புப் பூ வந்தால் வெட்டு, வெள்ளை வந்தால் உயிர்க்கிடா.

சரி, போய்வாருங்கள். இரண்டு பொட்டலமும் ஒரே அளவாக, ஒரே மாதிரி இலையில் மடித்திருக்கட்டும். எடுக்கும் குழந்தைக்கு எதில் என்ன இருக்கிறது என்று தெரிய வேண்டாம். வெள்ளை வந்தால் பூசாரியின் பங்கை அன்றைக்கே பணமாக அவர் கையில் கொடுத்துவிடுங்கள்.