இறங்கும்போதுதான் காது அடைக்கிறது

கேள்வி: ஊட்டிக்கு ஏறும்போது காது லேசாக 'டப்' என்று விட்டுவிடுகிறது. மேட்டுப்பாளையத்துக்கு இறங்கும்போதோ அடைத்துக்கொண்டு வலிக்கிறது. நான்கு வயது மகன் அழுதே தீர்த்துவிடுகிறான். என்ன செய்யலாம்?

பதில்: ஊட்டியில் ஒரு காலி தண்ணீர் பாட்டிலை இறுக மூடி, மேட்டுப்பாளையம் வந்ததும் எடுத்துப் பாருங்கள். உள்நோக்கி நசுங்கியிருக்கும். மலைமேல் அடைத்த லேசான காற்றைக் கீழே உள்ள கனத்த காற்று அழுத்துகிறது. இறங்கும்போது செவிப்பறைக்கும் இதேதான் நேர்கிறது.

செவிப்பறைக்குப் பின்னால் இருக்கும் நடுச்செவியை மூக்கின் பின்புறத்தோடு இணைப்பது யூஸ்டேஷியன் குழாய். சாதாரணமாக மூடியே இருக்கும். ஏறும்போது உள்ளே விரியும் காற்று அதைத் தானே தள்ளித் திறந்து வெளியேறுகிறது; நீங்கள் கேட்கும் 'டப்' அதுதான். இறங்கும்போது காற்று உள்ளே வர வேண்டும். அதற்கு விழுங்கும் தசைகள் குழாயை இழுத்துத் திறக்க வேண்டும். அழுத்த வேறுபாடு மிகுந்துவிட்டால் குழாய் ஒட்டிக்கொள்கிறது. பிறகு எத்தனை முறை விழுங்கினாலும் திறக்க மறுக்கும்.

ஆகவே வலி வரும்வரை காத்திருக்காதீர்கள். குன்னூரிலிருந்து மேட்டுப்பாளையத்துக்கு ஏறத்தாழ 1,500 மீட்டர் இறக்கம். குன்னூரைத் தாண்டியதுமே தொடங்கி, ஓரிரு நிமிடத்துக்கு ஒருமுறை எச்சில் விழுங்குங்கள், கொட்டாவி விடுங்கள் அல்லது சூயிங்கம் மெல்லுங்கள். போதவில்லை என்றால் மூக்கைப் பிடித்துக்கொண்டு விழுங்குங்கள். அடுத்த வழி, வாயையும் மூக்கையும் மூடி மெல்ல ஊதுவது. மெல்ல என்பதை அழுத்திச் சொல்கிறேன். பலம்கொண்டு ஊதினால் காதுக்குக் கெடுதல். சளி இருக்கும்போது ஊதவே கூடாது, சளி நடுச்செவிக்குள் போய்விடும்.

குழந்தைகள் பெரும்பாலும் இறக்கத்தில்தான் தூங்கிப்போகிறார்கள். தூக்கத்தில் விழுங்குவது குறைவு. பாதி வழியில் அலறிக்கொண்டு எழுவதற்கு அதுவே காரணம். மகனைக் குன்னூரிலேயே எழுப்பி, ஸ்ட்ரா போட்ட பாட்டிலில் சிறுகச் சிறுகத் தண்ணீர் கொடுங்கள். வளைவுப் பாதையில் தொண்டையில் சிக்கும் என்பதால் இந்த வயதில் கெட்டி மிட்டாய் வேண்டாம். கைக்குழந்தை என்றால், வண்டியை நிறுத்திப் பால் கொடுப்பதே போதும்.

அப்படியும் அடைத்துவிட்டால், சொந்த வண்டியாக இருந்தால் பர்லியார் போன்ற இடத்தில் பத்து நிமிடம் நிறுத்துங்கள். விடவில்லை என்றால் சில வளைவுகள் திரும்ப மேலே ஏறுங்கள். வேறுபாடு குறைந்ததும் குழாய் திறக்கும். பஞ்சு வைப்பதால் பயனில்லை. காதில் எண்ணெய் ஊற்றாதீர்கள்.

சளி பிடித்திருந்தால் பயணத்தைத் தள்ளிப்போடுவதே நல்லது. முடியாதபோது, பெரியவர்கள் இறங்குவதற்கு அரை மணி நேரம் முன்பு ஆக்ஸிமெட்டசோலின் மூக்குச் சொட்டு மருந்து போட்டுக்கொள்ளலாம். ரத்த அழுத்தமோ இதய நோயோ உள்ளவர்களும், குழந்தைகளுக்குப் போட நினைப்பவர்களும் மருத்துவரைக் கேட்ட பிறகே பயன்படுத்த வேண்டும். மூன்று நாளுக்கு மேல் தொடர்ந்தால் மூக்கடைப்பு இன்னும் கூடும்.

லேசான அடைப்பு சில மணி நேரத்தில் விட்டுவிடும். இரண்டு நாளாகியும் விடாவிட்டால் காது மருத்துவரிடம் காட்டுங்கள். காதில் ரத்தமோ நீரோ வந்தாலும், தலை சுற்றினாலும், சட்டென்று கேட்காமல் போனாலும் அன்றே போக வேண்டும்.