தட்டுக்கு 114 ரூபா எங்கே போனது?

கேள்வி: ஐயா, நான் புதுக்குடியிருப்புப் பக்கம் பலசரக்குக் கடை வைத்திருக்கிறேன். கிழமைக்கு ஒரு தடவை வவுனியாவில் 100 தட்டு முட்டை எடுக்கிறேன். ஒரு தட்டு 900 ரூபா. பட்டா வண்டிக்கு வாடகை 6,000, ஏற்றி இறக்க 600. கடையில் ஒரு முட்டை 36 ரூபா. சாப்பாட்டுக் கடைகளுக்குத் தட்டாகக் கொடுத்தால் 1,020. கிழமைக்கு 30 தட்டு அப்படிப் போகும். போன கிழமை இறக்கும்போதே 40 முட்டை உடைந்து ஒழுகிக் கிடந்தது, 50 முட்டை வெடித்திருந்தது. வெடித்ததை 22 ரூபாப்படி கொடுத்தேன். கடையில் வைத்து இன்னும் 20 போனது. சொப்பிங் பைக்கு 500 செலவு. என் கணக்கில் தட்டுக்கு 114 ரூபா நிற்கவேண்டும். கையில் அவ்வளவு நிற்கவில்லை. எங்கே பிழை?

பதில்: தம்பி, கையில் நின்றிருக்க வேண்டியது தட்டுக்கு 62 ரூபாதான். உங்கள் கழித்தலில் பிழை இல்லை, தட்டு 1,080இலிருந்து வாங்கின 900உம் வண்டி, கூலிக்கு 66உம் போனால் 114தான். வாங்கின 3,000 முட்டையும் 36 ரூபாவுக்குப் போகும் என்று எடுத்துக்கொண்டதுதான் பிழை.

வந்த காசை மட்டும் முதலில் எண்ணுவோம். 40, 50, 20 என்று 110 முட்டை கழிந்தால், நல்ல முட்டையாக விற்றது 2,890. அதில் 30 தட்டு, அதாவது 900 முட்டை, 34 ரூபாப்படி போய் 30,600 ரூபா வந்தது. மிச்சம் 1,990 முட்டை சில்லறையாக 71,640. வெடித்த 50 முட்டைக்கு 1,100. எல்லாம் சேர்த்து 1,03,340 ரூபா. போன காசு, முட்டைக்கு 90,000, வாகனத்துக்கும் கூலிக்கும் 6,600, பைக்கு 500, ஆக 97,100. நின்றது 6,240 ரூபா. நூறால் பிரித்தால் தட்டுக்கு 62 ரூபாவும் சில சதமும்.

நீங்கள் எதிர்பார்த்ததற்கும் இதற்கும் இடையில் 5,160 ரூபா. அடியோடு போன 60 முட்டை தின்றது 2,160. தட்டு விலைக்கு இறக்கிக் கொடுத்ததில் 1,800. வெடித்ததை மலிவாகத் தள்ளியதில் 700. பைக்கு 500. ஒரு பெரிய ஓட்டையைத் தேடினால் கிடைக்காது. நாலு சின்ன ஓட்டை இருக்கிறது.

இதில் உடைவு ஏன் இப்படிக் கடிக்கிறது என்று விளங்கிக்கொள்ளுங்கள். ஒரு முட்டை கடை வாசலுக்கு வந்து சேரும்போது வாங்கின விலை 30, வண்டிச் செலவு 2.20, ஆக 32.20 ரூபா அதில் இருக்கிறது. அதை விற்றால் நிற்பது 3.80. அப்படியென்றால் ஒரு முட்டை ஒழுகிப்போனால், அந்தக் காசைத் திருப்பி எடுக்கவே இன்னும் எட்டு ஒன்பது நல்ல முட்டை இலாபமில்லாமல் விற்கவேண்டும். ஒரு தட்டில் மூன்று முட்டை அடியோடு போனால் உங்கள் 114 ரூபாவில் 6 ரூபாதான் மிஞ்சும். ஒன்றிரண்டு உடைந்தால் என்ன என்று முட்டை வியாபாரத்தில் இருக்கமுடியாது.

அடக்கவிலையையும் இனிமேல் வாங்கின முட்டையால் பிரிக்காதீர்கள், விற்கக்கூடிய முட்டையால் பிரியுங்கள். 96,600 ரூபாவில் வெடித்ததற்கு வந்த 1,100ஐக் கழித்துவிட்டு, இறக்கி எடுத்த நல்ல முட்டை 2,910ஆல் பிரித்தால் ஒன்றுக்கு 32.82 வரும். தட்டு 1,020 என்று கொடுக்கும்போது ஒரு முட்டைக்கு 34. நிற்பது 1.18. தட்டுக்கு 35 ரூபா. அதை நீங்களே மோட்டார்சைக்கிளில் கொண்டுபோய்க் கொடுத்து, காசு அடுத்த கிழமை என்றால் அந்த 35உம் இல்லை. சாப்பாட்டுக் கடைக்காரரை விடச் சொல்லவில்லை, கிழமைக்கு 30 தட்டு மொத்தமாக வெளியேறுவது பெரிய உதவி. ஆனால் 1,020க்குக் கீழே இறங்காதீர்கள். கடைக்கு வந்து எடுத்துக் காசைக் கையில் தருபவருக்கு மட்டும் அந்த விலை.

இனி உடைவு. இறக்கும்போது 90 முட்டை என்றால் நூற்றுக்கு மூன்று. நான் வவுனியாவில் மொத்தமாக முட்டை ஏற்றி இறக்கிய காலத்தில், மாங்குளத்தில் திரும்பி ஒட்டுசுட்டான் பக்கம் போகிற வண்டியில் நூறு தட்டுக்கு 30 முட்டைக்கு மேல் போனால் எங்கேயோ பிழை என்று நிறுத்திப் பார்ப்போம். எது பிழை என்பதை உடைந்த முட்டை கிடக்கிற இடமே சொல்லிவிடும். அதனால் இறக்கும்போது தட்டுகளைக் கலக்கவேண்டாம்.

அடித்தட்டில் உடைந்திருந்தால் அடுக்கு உயரம் கூடிவிட்டது, அல்லது தட்டு ஈரம். மட்டைத் தட்டில் ஒரு முட்டை ஒழுகினால் அந்த வெள்ளைக்கரு கீழ்த்தட்டில் ஊறும். காய்ந்தபிறகு பார்த்தால் சரியாகத்தான் தெரியும். கையில் எடுத்து நடுவில் அழுத்திப் பாருங்கள், ஊறின இடம் ஊறவைத்த பாண் மாதிரி அமுங்கும். அடுத்த பயணத்தில் அந்தக் குழி மேலே உள்ள பாரத்தைத் தாங்காது. அதோடு முட்டை அந்த இடத்தில் ஒட்டிக்கொள்ளும். பிடுங்கும்போது கோது தட்டோடு நின்றுவிடும், ஓட்டைதான் கையில் வரும். கறைபட்ட தட்டை வைத்துச் சேர்க்காமல் எரித்துவிடுங்கள்.

மேல்தட்டில் மட்டும் உடைந்திருந்தால் குலுக்கம். மேலே பாரமில்லாத தட்டு பள்ளத்தில் விழுந்து எழும்பும்போது முட்டை குழியைவிட்டுத் துள்ளுகிறது. ஒவ்வொரு அடுக்கின் மேலும் ஒரு வெறுந்தட்டைக் கவிழ்த்து வைத்து, கயிற்றால் கட்டினால் இது பெரும்பாலும் நிற்கும். வண்டிப் பக்கத்தகட்டோடு ஒட்டிய வரிசையில் உடைந்திருந்தால் அந்தப் பக்கம் சாக்கு அடைக்கவில்லை.

அடுக்கும் முறையையும் பாருங்கள். ஒரே திசையில் வைத்தால் தட்டு தட்டுக்குள் இறங்கி முட்டையில் உட்கார்ந்துவிடும். ஒவ்வொரு தட்டையும் கால்வட்டம் திருப்பி வைத்தால்தான் தட்டின் முனை தட்டின் முனையில் தாங்கும். முட்டையின் மழுங்கின பக்கம் மேலே இருக்கவேண்டும், காற்றறை அங்கேதான் இருக்கிறது. பெரிய முட்டைகள் தட்டின் விளிம்புக்கு மேலே தலையை நீட்டும், மேல்தட்டின் பாரம் நேரே அவற்றில் விழும். அவற்றை ஒதுக்கி மேல் அடுக்கில் வையுங்கள்.

மேல், கீழ், பக்கம் என்று இல்லாமல் எல்லாத் தட்டிலும் பரவலாக மெல்லிய கீறல் என்றால் வண்டியைக் குற்றம் சொல்லாதீர்கள். முட்டை வரும்போதே அப்படித்தான் வந்திருக்கிறது. கிழட்டுக் கோழி பெரிய முட்டை இடும், கோது மெல்லியதாக இருக்கும். வெக்கைக் காலத்தில் கோழி வாயைத் திறந்து இளைக்கும்போதும் கோதின் உறுதி குறையும். வாங்குமிடத்தில் ஏற்றுமுன் ஐந்தாறு தட்டை எழுமாற்றாக இழுத்து, இரண்டு இரண்டு முட்டையாக மெல்லத் தட்டிப் பாருங்கள். நல்ல முட்டை 'டிக்' என்று கூர்மையாகச் சொல்லும். வெடித்தது மந்தமாகச் சத்தம் போடும். ஐயமாக இருந்தால் இருட்டில் போன் வெளிச்சத்தை அடியில் பிடியுங்கள், வெள்ளை நூல் மாதிரிக் கீறல் தெரியும். அந்த இடத்திலேயே மாற்றித் தரச் சொல்லலாம். வண்டி ஓமந்தை தாண்டினபிறகு யாரும் மாற்றித் தரமாட்டார்கள்.

இதையெல்லாம் செய்து 90ஐ 30ஆக்கினால், அடியோடு போவது 10, வெடிப்பது 20 என்று வைத்துக்கொள்வோம். கிழமைக்கு 1,500 ரூபா மிச்சம், தட்டுக்கு 15. நல்லதுதான், ஆனால் வாடகையில் இதைவிடக் கூட மிச்சம் பிடிக்கலாம்.

பட்டாக்காரர் 100 தட்டுக்கும் 6,000, 50 தட்டுக்கும் 6,000. விற்பனை மந்தமான கிழமையில் பயந்து 50 தட்டு மட்டும் ஏற்றினால், கூலி பாதியாகக் குறைந்தாலும் போக்குவரத்துச் செலவு தட்டுக்கு 66இலிருந்து 126 ஆகும். மற்றதெல்லாம் அதே அளவில் நடந்தால் உங்கள் 62 ரூபா சொச்சம் 2 ரூபா 40 சதமாகிவிடும். முழுக்கிழமையும் வெயிலில் பாடுபட்டு 50 தட்டுக்கு 120 ரூபா. அந்தக் கிழமை போகாமல் இருப்பதே மேல்.

மற்றப் பக்கம் பாருங்கள். விசுவமடுப் பக்கமோ முள்ளியவளைப் பக்கமோ முட்டை விற்கிற இன்னொரு கடைக்காரரையும் சேர்த்து, அதே வண்டியில் 200 தட்டு ஏற்றுங்கள். சுற்றிப்போவதற்குச் சாரதி கொஞ்சம் கூடக் கேட்பார், அதைப் பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள். வாடகை கூடாவிட்டால் உங்கள் பங்கு 3,000, கூலி 600. தட்டுக்கு 36. அதாவது 30 ரூபா மிச்சம். சாரதி 1,000 கூடக் கேட்டாலும் தட்டுக்கு 25 ரூபா மிச்சம் இருக்கும். பட்டாவின் பெட்டி நிறைந்திருந்தால் அடுக்குகள் ஒன்றுக்கொன்று முட்டுக்கொடுத்து ஆடாமல் வரும், உடைவும் குறையும். பாரம் ஒரு பிரச்சினையில்லை, 6,000 முட்டை 350 கிலோ அளவில்தான். மேலே படங்கு போடுங்கள், ஆனால் காற்று போக இரண்டு பக்கமும் விட்டுக் கட்டுங்கள். விடியமுன் ஏற்றி வெயில் ஏறமுன் இறக்கிவிட்டால் இன்னும் நல்லது.

200 என்றதும் உங்கள் பங்கையும் கூட்டிவிடாதீர்கள். ஒரு கிழமையில் விற்கக்கூடியதுதான் உங்கள் அளவு. விலை எப்போது இறங்கும் என்று சொல்லமுடியாது. 2023இல் இந்தியாவிலிருந்து முட்டை இறக்கினபோது பழைய விலைக்கு வாங்கி அடுக்கியிருந்தவர்கள் பட்ட பாடு எனக்குத் தெரியும். 1,000 முட்டை கையில் கிடக்கும்போது 2 ரூபா இறங்கினால் 2,000 ரூபா, கிழமை முழுக்கப் பார்த்த இலாபத்தில் மூன்றில் ஒரு பங்கு. தகரக்கூரைக்குக் கீழே கிடந்தால் அதற்குள் கூழ்முட்டையும் தொடங்கிவிடும். கடையில் போன உங்கள் 20 முட்டையில் எத்தனை கைதவறி உடைந்தது, எத்தனை கூழ் என்று பிரித்து எழுதிவையுங்கள். கூழ் கூட என்றால் பழைய தட்டு பின்னுக்குக் கிடக்கப் புதுத்தட்டிலிருந்து விற்கிறீர்கள். இறக்கின திகதியைத் தட்டின் ஓரத்தில் பேனையால் எழுதினால் போதும்.

வெடித்த முட்டையைப் பற்றி ஒரு சொல். கோது மட்டும் கீறி உள்சவ்வு கிழியாமல் இருந்தால் அன்றைக்கே, நன்றாக வேகவைத்துச் சமைக்கிறவருக்கு, வெடித்தது என்று சொல்லியே கொடுங்கள். சவ்வு கிழிந்து ஒழுகினதை எந்த விலைக்கும் கொடுக்கவேண்டாம், கிருமி உள்ளே போயிருக்கும். ஒழுகலில் நனைந்த நல்ல முட்டையைக் கழுவி அடுக்கினாலும் நிற்காது, கழுவும்போது கோதின் மேல் உள்ள காப்பும் போய்விடும். ஈரத்துணியால் துடைத்து அன்றைக்கே முதலில் விற்றுவிடுங்கள்.

அடுத்த பயணத்துக்கு ஒரு கொப்பி கொண்டுபோங்கள். இறக்கும்போது மேல்தட்டு, நடு, அடித்தட்டு, பக்கம் என்று நாலு கோடு இழுத்து, உடைந்தது எங்கே என்று புள்ளி போடுங்கள். மூன்று பயணம் முடிய அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து அனுப்புங்கள், எந்தப் பக்கம் புள்ளி கூடிக் கிடக்கிறது என்று பார்த்துச் சொல்கிறேன்.